மின்னாற்பகுப்புக் கேள்விகள் நான்குக்கும் விடை

தம்பி, வினாத்தாள் படம் கிடைத்தது. தாளின் மடிப்பு 32-ஆம் கேள்வியின் குறுக்கே போவதால் ஒரே ஓர் எண் மட்டும் சரியாகத் தெரியவில்லை. மற்றதெல்லாம் படிக்க முடிகிறது. நீ பென்சிலில் எழுதிப் பார்த்த விடைகளும் படத்தில் இருப்பதால், தேவைப்பட்ட இடத்தில் அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தாளின் தலைப்பில் கொடுத்த அணு நிறைகளையே எடுத்துக்கொள்கிறேன்: Cu = 63.5, Ag = 108, Ni = 58.7. F = 96500 கூலூம்.

கேள்வி 31. கீழ்க்கண்டவற்றை மின்னாற்பகுக்கும்போது இரு மின்வாய்களிலும் உண்டாகும் விளைபொருள்களை எழுதுக.
(அ) உருகிய NaCl, கிராஃபைட் மின்வாய்கள்
(ஆ) அடர் NaCl கரைசல், கிராஃபைட் மின்வாய்கள்
(இ) CuSO₄ கரைசல், பிளாட்டினம் மின்வாய்கள்
(ஈ) CuSO₄ கரைசல், தாமிர மின்வாய்கள்
(உ) நீர்த்த H₂SO₄, பிளாட்டினம் மின்வாய்கள்

விடையை எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு விஷயத்தைப் பார். கலத்துக்குள் தண்ணீர் இருக்கிறதா? மின்வாய் சும்மா நிற்கிற பொருளா, தானும் கரையக்கூடிய உலோகமா? இந்த ஐந்து பிரிவுகளையும் அமைத்தவர் இந்த இரண்டையும்தான் மாற்றி மாற்றிச் சோதிக்கிறார். அப்புறம், எந்தக் கலமானாலும் கேத்தோடில் ஒடுக்கம், ஆனோடில் ஆக்சிஜனேற்றம். மின்னாற்பகுப்புக் கலத்தில் கேத்தோடு எதிர்மின்வாய், ஆனோடு நேர்மின்வாய். கால்வானிக் கலத்தில் குறிகள் இடம் மாறும், வினைகள் மாறாது.

(அ) தண்ணீர் இல்லை. உள்ளே இருப்பவை Na⁺, Cl⁻ மட்டுமே. போட்டிக்கு ஆள் கிடையாது.

எதிர்மின்வாய்: Na⁺ + e⁻ → Na
நேர்மின்வாய்: 2Cl⁻ → Cl₂ + 2e⁻

(ஆ) இதிலும் எதிர்மின்வாயில் நீ சோடியம் என்று எழுதியிருக்கிறாய். சோடியம் தண்ணீரில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்திருந்தால் கை அங்கேயே நின்றிருக்கும். Na⁺ ஒடுங்குவதற்கான திட்ட மின்முனை அழுத்தம் −2.71 வோல்ட், தண்ணீர் ஒடுங்குவதற்கு −0.83 வோல்ட். எதிர்மின்வாயில் எதன் மதிப்பு கூடுதலோ அதுதான் முதலில் ஒடுங்கும். ஆகவே தண்ணீர்:

எதிர்மின்வாய்: 2H₂O + 2e⁻ → H₂ + 2OH⁻

நேர்மின்வாய் கொஞ்சம் சிக்கலான இடம். அட்டவணைப்படி பார்த்தால் தண்ணீர் ஆக்சிஜனேற்றமடைய 1.23 வோல்ட் போதும், குளோரைடுக்கு 1.36 வோல்ட் வேண்டும். அப்படியானால் ஆக்சிஜன்தானே வரவேண்டும்? ஆனால் வருவது குளோரின். மின்வாய்ப் பரப்பில் ஆக்சிஜன் வெளிவரும் வினை மந்தமானது. அதை நடத்த அட்டவணை மதிப்புக்கு மேல் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. இதைத்தான் மிகை மின்னழுத்தம் என்கிறோம். குளோரினுக்கு இந்தக் கூடுதல் மிகக் குறைவு. கரைசல் அடர்வாக இருப்பதும் குளோரைடுக்குச் சாதகம். அதனால்:

நேர்மின்வாய்: 2Cl⁻ → Cl₂ + 2e⁻

கேள்வியில் 'அடர்' என்ற சொல் சும்மா வரவில்லை. மிகவும் நீர்த்த உப்புக் கரைசல் என்றிருந்தால் ஆக்சிஜன் முக்கிய விளைபொருளாகிவிடும். இரண்டு மதிப்பெண் கேள்வியாக இருந்தால் 'மிகை மின்னழுத்தம்' என்ற சொல்லை விடைத்தாளில் கட்டாயம் எழுது. கரைசலில் மிஞ்சுவது Na⁺, OH⁻, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. எதிர்மின்வாய் அருகே பினால்ஃப்தலீன் விட்டால் இளஞ்சிவப்பாகும். தூத்துக்குடி மாவட்டத்தில் சாகுபுரம் ஆலையில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுப்பதும் இதே வினையால்தான்.

(இ) தாமிரத்துக்கு +0.34 வோல்ட். தண்ணீரை எளிதாக முந்திவிடும். நேர்மின்வாயில் சல்பேட்டை ஆக்சிஜனேற்றுவது தண்ணீரைவிடக் கடினம், பிளாட்டினமும் கரையாது. மிஞ்சுவது தண்ணீர்.

எதிர்மின்வாய்: Cu²⁺ + 2e⁻ → Cu
நேர்மின்வாய்: 2H₂O → O₂ + 4H⁺ + 4e⁻

நேரம் போகப் போக நீலம் வெளுக்கும், கரைசல் அமிலமாகும்.

(ஈ) இங்கே நேர்மின்வாயில் ஆக்சிஜன் என்று எழுதி, நீயே அடித்துவிட்டு, மறுபடியும் ஆக்சிஜன் என்றே எழுதியிருக்கிறாய். முதலில் வந்த சந்தேகம்தான் சரி. தண்ணீரை ஆக்சிஜனேற்றுவதைவிடத் தாமிரத்தை ஆக்சிஜனேற்றுவது மிகவும் எளிது. மின்வாயே கரையும்.

எதிர்மின்வாய்: Cu²⁺ + 2e⁻ → Cu
நேர்மின்வாய்: Cu → Cu²⁺ + 2e⁻

ஒரு பக்கம் கரைவது மறு பக்கம் படிகிறது. கரைசலின் நீலம் மாறாது. தாமிரத்தைத் தூய்மையாக்கும் முறை இதுவே. அதில் வெள்ளி, தங்கம் போன்றவை கரையாமல் நேர்மின்வாய்க்கு அடியில் சேறாகத் தங்கும்.

(உ) எதிர்மின்வாயில் ஹைட்ரஜன், நேர்மின்வாயில் ஆக்சிஜன், பருமன் விகிதம் 2:1. நீ எழுதியது சரி.

கேள்வி 32. CuSO₄ கரைசலில் (மடிப்பு) ஆம்பியர் மின்னோட்டம் 32 நிமிடம் 10 வினாடிக்குச் செலுத்தப்பட்டால் எதிர்மின்வாயில் படியும் தாமிரத்தின் நிறை: (அ) 0.476 கிராம் (ஆ) 0.9525 கிராம் (இ) 1.905 கிராம் (ஈ) 3.81 கிராம்

மடிப்பில் இருக்கும் எண் 0.5 ஆகவும் இருக்கலாம், 1.5 ஆகவும் இருக்கலாம். இரண்டையும் போட்டுப் பார்ப்போம். நேரத்தை முதலில் வினாடியாக்கு: 32 × 60 + 10 = 1930 வினாடி. 1930 என்றதும் கவனித்துக்கொள், அது 96500-இல் சரியாக ஐம்பதில் ஒரு பங்கு. கணக்கு கையாலேயே முடியட்டும் என்று வினாத்தாள் அமைப்பவர்கள் தேர்ந்தெடுக்கும் எண் இது.

0.5 ஆம்பியர் என்றால் மின்னூட்டம் 965 கூலூம், அதாவது 0.01 மோல் எலக்ட்ரான். Cu²⁺ ஒன்றுக்கு இரண்டு எலக்ட்ரான் வேண்டும், ஆகவே 0.005 மோல் தாமிரம், 0.3175 கிராம். அப்படி ஒரு விடையே தெரிவுகளில் இல்லை. 1.5 ஆம்பியர் என்றால்:

Q = I × t = 1.5 × 1930 = 2895 கூலூம்
எலக்ட்ரான் = 2895 / 96500 = 0.03 மோல்
தாமிரம் = 0.03 / 2 = 0.015 மோல்
நிறை = 0.015 × 63.5 = 0.9525 கிராம்

எனவே மடிப்பில் இருப்பது 1.5, விடை (ஆ). நீ வட்டமிட்டது (இ). இரண்டால் வகுக்க மறந்தால் கிடைப்பது அதுதான். அந்தத் தெரிவை வைத்ததே அதற்காக.

m = (M × I × t) / (n × F) என்ற வாய்பாட்டில் நேராகப் போட்டாலும் இதே விடை வரும். ஆனால் நான் எழுதிய வரிசையில் போனால், கூலூமிலிருந்து எலக்ட்ரானுக்கு, எலக்ட்ரானிலிருந்து உலோகத்துக்கு என்று, n எங்கே நுழைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். வாய்பாட்டில் அது ஓர் எழுத்தாக ஒளிந்துகொள்கிறது.

கேள்வி 33. AgNO₃, CuSO₄, நீர்த்த H₂SO₄ ஆகிய கரைசல்கள் உள்ள மூன்று கலங்கள் தொடரிணைப்பில் உள்ளன. எல்லாவற்றிலும் பிளாட்டினம் மின்வாய்கள். முதல் கலத்தில் 1.08 கிராம் வெள்ளி படிந்தது. (i) இரண்டாம் கலத்தில் படிந்த தாமிரத்தின் நிறை என்ன? (ii) மூன்றாம் கலத்தின் எதிர்மின்வாயில் வெளிவந்த வாயுவின் பருமன் என்ன? (மோலார் பருமன் 22.4 லிட்டர்) (iii) மின்னோட்டம் 0.5 ஆம்பியர் எனில் ஆன நேரம் என்ன?

தொடரிணைப்பு என்றால் மூன்று கலத்திலும் ஒரே மின்னூட்டம். ஃபாரடேயின் இரண்டாம் விதி இங்கேதான் வருகிறது: ஒரே அளவு மின்னூட்டம் பாயும்போது விடுபடும் நிறைகள் அவற்றின் சமான நிறைகளுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 1830-களில், எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாத காலத்தில், ஃபாரடே இதை வெறும் எடை போட்டே கண்டுபிடித்தார். எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது இதுதான்.

(i) வெள்ளியின் சமான நிறை 108 / 1 = 108. தாமிரத்தின் சமான நிறை 63.5 / 2 = 31.75.

1.08 / 108 = m / 31.75
m = 0.3175 கிராம்

(ii) வெள்ளி 0.01 மோல்; ஓர் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான், ஆகவே சுற்றில் பாய்ந்தது 0.01 மோல் எலக்ட்ரான். ஒரு H₂ மூலக்கூறுக்கு இரண்டு வேண்டும்:

H₂ = 0.005 மோல்
பருமன் = 0.005 × 22400 = 112 மி.லி.

நேர்மின்வாயில் வரும் ஆக்சிஜனையும் கேட்டிருந்தால், O₂ ஒன்றுக்கு நான்கு எலக்ட்ரான், 0.0025 மோல், 56 மி.லி. பாதி வருகிறதா என்று பார்த்து உன் விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

(iii) Q = 0.01 × 96500 = 965 கூலூம். t = 965 / 0.5 = 1930 வினாடி. பழைய நண்பர்தான், 32 நிமிடம் 10 வினாடி.

கேள்வி 34. மொத்தப் பரப்பு 100 ச.செ.மீ. உள்ள ஒரு பொருளின் மீது 0.0025 செ.மீ. தடிமனுக்கு நிக்கல் முலாம் பூச வேண்டும். கரைசலில் Ni²⁺ அயனிகள் உள்ளன. மின்னோட்டம் 2 ஆம்பியர். மின்னோட்டத் திறன் 95%. நிக்கலின் அடர்த்தி 8.9 கிராம்/க.செ.மீ. ஆகும் நேரத்தைக் காண்க.

இதை நீ தொடவே இல்லை. நீளத்தைப் பார்த்துப் பயந்திருப்பாய். உள்ளே இருப்பது 32-ஆம் கேள்வியேதான், தலைகீழாக. முன்னால் நிறை கண்டுபிடிக்கும் ஒரு படி மட்டும் கூடுதல்.

கனஅளவு = 100 × 0.0025 = 0.25 க.செ.மீ.
நிறை = 0.25 × 8.9 = 2.225 கிராம்
நிக்கல் = 2.225 / 58.7 = 0.0379 மோல்
எலக்ட்ரான் = 2 × 0.0379 = 0.0758 மோல்
தேவையான மின்னூட்டம் = 0.0758 × 96500 ≈ 7315 கூலூம்

95% திறன் என்றால், செலுத்தும் நூறு கூலூமில் 95 மட்டுமே நிக்கலைப் படியவைக்கிறது. மிச்சம் பெரும்பாலும் ஹைட்ரஜனை வெளியேற்றுவதில் போய்விடும். ஆகவே செலுத்த வேண்டியது 7315-ஐவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்; 0.95-ஆல் வகுக்க வேண்டும். பெருக்கினால் 6949 வரும். வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்துச் செலுத்தும்போது மொத்தம் குறையுமா என்று கேட்டுப்பார், பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம் தீரும்.

செலுத்தும் மின்னூட்டம் = 7315 / 0.95 = 7700 கூலூம்
நேரம் = 7700 / 2 = 3850 வினாடி

சுமார் 64 நிமிடம். விடைத்தாளில் 3850 வினாடி என்று அலகோடு எழுதினால் போதும், நிமிடமாக மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை.