தண்ணீர்ப்பந்தல் தோற்றுவிட்டது: முதல் கூட்டத்திற்கான பயிற்சித்தாள்

தைப்பூசம் முடிந்த மறுநாள் காலை. பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில் நம் இளைஞர் குழு அமைத்த பந்தல் படுதோல்வியில் முடிந்துவிட்டது. இன்னும் நடக்காத இதை நடந்து முடிந்த செய்தியாகவே எடுத்துக்கொண்டு, அதன் காரணங்களைப் பத்து நிமிடம் எவரோடும் பேசாமல் அவரவர் தாளில் எழுத வேண்டுகிறேன். உளவியலாளர் கேரி கிளைன் 2007-இல் பரவலாக அறிமுகப்படுத்திய முறை இது. "ஏதேனும் குறை உண்டா?" என்று பெரியவர்கள் கேட்கும்போது தலையாட்டிவிட்டுப் போகும் நம் பிள்ளைகளுக்கு, குறை நடந்தேவிட்டது என்ற நிலையில் எழுதுவது எளிதாக இருக்கும்.

தொடக்கமாக, செயலாளரான நான் எழுதியது:

"தயிர்சாதம் கெட்டுப்போனதால் தோற்றோம். இரதம் மாலைக்குள் வந்துவிடும் என்று கணக்கிட்டு, 1,500 பேருக்கானதை விடியற்காலையிலேயே சமைத்து முடித்தோம். ஜார்ஜ்டவுன் வீதிகளில் சீனர்களும் நம்மவர்களும் குவித்திருந்த தேங்காய்கள் உடைபட உடைபட இரதம் நின்று நின்று நகர்ந்து, நள்ளிரவை ஒட்டித்தான் எங்களைக் கடந்தது. அதற்குள் சாதத்தைக் கொட்டிவிட்டோம். கூட்டம் வந்தபோது மிஞ்சியிருந்தது வெறும் தண்ணீர். இரதம் தாமதமாகும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சமையல் நேரத்தைக் குறித்தவர் பெரியப்பா என்பதால் எவரும் வாய் திறக்கவில்லை.

பொருளாளர் அண்ணனின் மகனுக்குக் காய்ச்சல் கண்டதும் அவர் மருத்துவமனைக்குப் போய்விட்டார். லாரிச் சாவியும் மாநகர் மன்ற அனுமதிக் கடிதமும் கைச்செலவுப் பணமும் அவரோடு போயின."

என் தாளில் இன்னொன்றும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள், உணவைக் கையாள்வோர் பயிற்சி பெற்றிருக்கவும் தடுப்பூசி போட்டிருக்கவும் வேண்டும் என்கின்றன. சமைக்கும் மூவரிடம் சான்றிதழ் இருக்க, பரிமாறும் பிள்ளைகளைப் பற்றி நாம் யோசிக்கவே இல்லை. மழை, குப்பைப்பை, குழாய்த்தண்ணீர் ஆகியவை ஆண்டுதோறும் பேசப்படுபவை என்பதால் அவற்றை ஒரு வரியில் எழுதினால் போதும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொருவரும் சுற்றுக்கு ஒரு காரணமாக வாசிக்க வேண்டும். எல்லாத் தாள்களும் தீரும்வரை மறுப்போ விளக்கமோ கூடாது. பின்னர், பந்தலையே முடக்கக்கூடிய மூன்றைக் கைதூக்கித் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவரையும் முடிக்கவேண்டிய நாளையும் அங்கேயே எழுதிவிடுவோம். சமையலை இரண்டு தவணையாக்கி, இரதத்தோடு வரும் நம்மவர் ஒருவர் அது நெருங்கிவிட்டது என்று தொலைபேசியில் சொன்ன பிறகே இரண்டாம் அடுப்பை மூட்டலாம் என்பதை என் முன்மொழிவாகப் பதிவு செய்கிறேன்.

தலைவரும் பெரியப்பாவும் தங்கள் தாள்களைக் கடைசியாக வாசிப்பார்கள். இருவரும் அதற்கு இசைந்துள்ளார்கள்.