உங்கள் மெனு அட்டை: ஒரு மாதிரி இணைத்துள்ளேன்

ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை டன்லப் ஸ்திரீட்டில் உங்கள் உணவகத்தில் சாப்பிட்டேன். மீன் தலைக்கறி அபாரம். ஆனால் மெனுவில் அது நான்காம் பக்கத்தில், பழச்சாறுகளுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது! பக்கத்து மேசைக்காரர்கள் அதைப் பார்க்காமலே தோசையோடு எழுந்துவிட்டார்கள். விலை மாற்றி ஒட்டிய ஸ்டிக்கர்களும் உரிகின்றன.

நான் தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர். தமிழிலும் ஆங்கிலத்திலும், சைவம் தனியாகத் தெரியும்படி, இரண்டே பக்கத்தில் புதிய மெனு செய்து தருகிறேன். 9 விழுக்காடு பொருள் சேவை வரி விலையில் அடக்கமா என்பதும் தெளிவாக இருக்கும். கட்டணம் 450 வெள்ளி. அச்சுச் செலவு தனி. விலை ஏறினால் நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

முதல் பக்க மாதிரிக்குக் கட்டணமில்லை. பிடித்திருந்தால் சொல்லுங்கள், மதியக் கூட்டம் கலைந்ததும் மூன்று மணிவாக்கில் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
கவிதா