கதவு, யன்னல் பிந்திய நாட்களுக்கான கழிவும் மீதிக் கொடுப்பனவும்

உரும்பிராய்,
27.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

02.09.2024 ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு: தாமதக் கழிவு

அக்காவின் வீட்டு முன்கதவை 20ஆந் திகதி இரவு எட்டு மணிக்குப் பூட்டிவிட்டுப் போனீர்கள். மறுநாள் காலை வெளிச்சத்தில் தனியே நின்று ஆறுதலாகப் பார்த்தேன். இரண்டு கதவையும் சேர்த்துச் சாத்தினால் நடுவே ஒரு தபாலட்டைகூட நுழையாது. தேக்கின் ரேகை இந்தக் கதவில் தொடங்கி மற்றக் கதவில் போய் முடிகிறது. ஒரே மரத்தில் அறுத்து, சோடி பார்த்துச் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் அப்பா செய்து தந்த மேசையில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் உங்கள் கைவேலை எனக்குப் புதிதில்லை.

ஆகவே இந்தக் கடிதம் வேலையைப் பற்றியதல்ல, பிந்திய நாட்களைப் பற்றியது. "ரீச்சர், கணக்கை நேரில் பார்த்து முடிப்பம்" என்று போனில் சொன்னீர்கள். சரி, நேரில் பார்ப்போம். ஆனால் அதற்கு முதல் எண்கள் எல்லாம் தாளில் இருந்தால் இருவருக்கும் நல்லது. ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கும் நான் கணக்குக் காட்ட வேண்டும், காசு அவருடையது.

நாம் இருவரும் கைச்சாத்திட்ட 7ஆம் பிரிவை அப்படியே கீழே தருகிறேன்:

"16.11.2024 இற்குள் ஒப்படைக்கப்படாத பொருட்களின் பெறுமதியில், தாமதமாகும் ஒவ்வொரு வேலை நாளுக்கும் 0.5 வீதம் மீதிக் கொடுப்பனவிலிருந்து கழிக்கப்படும். ஞாயிறு, போயா, அரச விடுமுறை நாட்கள் சேரா. இயற்கை அனர்த்தத்தால் வேலை தடைப்பட்ட நாட்களும், மூன்று நாட்களுக்குள் அறிவிக்கப்பட்டிருப்பின், சேரா. மொத்தக் கழிவு ஒப்பந்தத் தொகையில் 5 வீதத்தைத் தாண்டலாகாது."

இந்தப் பிரிவை வாசித்துவிட்டு நீங்கள்தான் "5 வீதம் எண்டு ஒரு எல்லை போடுங்கோ ரீச்சர்" என்று கேட்டீர்கள். போட்டது நல்லதாகிப் போய்விட்டது, ஏன் என்று கீழே தெரியும்.

ஒப்பந்தத் தொகை 1,043,000 ரூபா. முன்கதவு நிலையோடு 185,000. உள்கதவு ஆறு, ஒன்று 62,000 படி 372,000. யன்னல் ஒன்பது, ஒன்று 54,000 படி 486,000. இதில் பாதி, அதாவது 521,500 ரூபா, கைச்சாத்திட்ட அன்றே முற்பணமாகத் தந்தேன். மீதி 521,500.

பொருட்கள் வந்தது மூன்று தடவையாக. ஏழு யன்னல்கள் 16.11.2024 சனிக்கிழமை, சொன்ன நாளிலேயே வந்தன. அவற்றுக்குக் கழிவு எதுவும் இல்லை. இரண்டு யன்னலும் நான்கு உள்கதவும் 05.12.2024 வியாழக்கிழமை வந்தன. முன்கதவும் கடைசி இரண்டு உள்கதவும் 20.12.2024 வெள்ளிக்கிழமை வந்தன. மூன்று தடவையும் லொறிக்காரத் தம்பி கையொப்பம் வைத்த சீட்டு என்னிடம் இருக்கிறது, பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இனி நாட்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

16ஆந் திகதி சனி, 17 ஞாயிறு. ஆகவே முதல் பிந்திய நாள் நவம்பர் 18 திங்கட்கிழமை. பொருள் வந்து இறங்கிய நாளைச் சேர்ப்பதா விடுவதா என்று ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை. நான் சேர்க்கவில்லை. அன்றைக்கு நீங்கள் வேலை செய்துதானே கொண்டுவந்தீர்கள்.

மழை விடயம். நவம்பர் 27 புதன்கிழமை காலை நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறேன். பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர், முதல் நாளிலிருந்து கறண்டும் இல்லை, பலகைகளை மேசைக்கு மேல் ஏற்றிவிட்டோம் என்று சொல்லியிருந்தீர்கள். உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தவைத்த மழை அது. அதை யாரும் மறுக்கப் போவதில்லை. மூன்று நாட்களுக்குள் அறிவித்தும் விட்டீர்கள். ஒப்படைக்க வேண்டிய நாள் கடந்த பிறகு வந்த மழைதானே, அது எப்படிக் கணக்கில் வரும் என்று ஒருவர் வாதாடலாம். நான் அந்தப் பக்கம் போகவில்லை. நவம்பர் 26 செவ்வாய் தொடக்கம் 30 சனி வரை ஐந்து வேலை நாட்களையும் விட்டுவிட்டேன்.

டிசம்பர் 7 வரை விடும்படி கேட்டிருந்தீர்கள். அது என்னால் முடியவில்லை, தம்பி. டிசம்பர் 2 திங்கள் காலை இழைப்பு மெஷின் ஓடுகிற வீடியோவை "வேலை தொடங்கிட்டம்" என்று நீங்களே அனுப்பினீர்கள். அன்றிலிருந்து நாட்களைச் சேர்த்திருக்கிறேன்.

மரம் ஏற்றிவரும் அனுமதிப்பத்திரம் பிந்தியதையும், பொலிஷ் வேலைக்காரர் இடையில் நின்றதையும் டிசம்பர் 10ஆந் திகதி சொன்னீர்கள். உண்மையாகத்தான் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டும் இயற்கை அனர்த்தத்துக்குள் அடங்காது. அவற்றுக்காக நாட்களைக் குறைத்தால் பிரிவுக்கே பொருளில்லாமல் போய்விடும்.

எண்ணிய நாட்கள் இவைதான்:

நவம்பர் 18 – 23: 6 நாட்கள்
நவம்பர் 25: 1 நாள்
நவம்பர் 26 – 30: மழை, சேர்க்கவில்லை
டிசம்பர் 2 – 4: 3 நாட்கள்
இரண்டாம் தொகுதிக்கு மொத்தம் 10 நாட்கள்

டிசம்பர் 5 – 7: 3 நாட்கள்
டிசம்பர் 9 – 13: 5 நாட்கள்
டிசம்பர் 14: போயா, சேர்க்கவில்லை
டிசம்பர் 16 – 19: 4 நாட்கள்
மூன்றாம் தொகுதிக்கு, முதல் 10 நாட்களையும் சேர்த்து, 22 நாட்கள்

இனிக் கழிவு:

இரண்டாம் தொகுதி: யன்னல் 2 (108,000) + உள்கதவு 4 (248,000) = 356,000 ரூபா
0.5 வீதம் = நாளொன்றுக்கு 1,780 ரூபா
1,780 × 10 = 17,800 ரூபா

மூன்றாம் தொகுதி: முன்கதவு (185,000) + உள்கதவு 2 (124,000) = 309,000 ரூபா
0.5 வீதம் = நாளொன்றுக்கு 1,545 ரூபா
1,545 × 22 = 33,990 ரூபா

மொத்தக் கழிவு: 17,800 + 33,990 = 51,790 ரூபா

5 வீத எல்லை 52,150 ரூபா. நம் கணக்கு அதற்கு 360 ரூபா கீழே நிற்கிறது. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் எல்லையில் முட்டியிருக்கும், அதற்கு மேல் ஒரு சதமும் ஏறியிராது.

உங்கள் பக்கம் வரவேண்டிய ஒன்றும் உண்டு. முன்கதவுக்கு இரும்புக் கைபிடி என்றுதான் பேசினோம். பிறகு நான் கேட்டபடி பித்தளையில் போட்டீர்கள், வித்தியாசம் 4,800 ரூபா. பில்லில் அதைப் போட மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நான் சேர்த்துவிட்டேன்.

மீதி: 521,500
கழிவு: – 51,790
பித்தளைக் கைபிடி: + 4,800
உங்களுக்குத் தரவேண்டியது: 474,510 ரூபா

கழிவு என்று ஒன்றைக் கேட்க எனக்கும் மனம் கூசத்தான் செய்தது. அதனால் ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்கழி பிறக்க முன்னம் குடிபூர வேண்டும் என்றுதான் நவம்பர் 16 என்று நாள் குறித்தோம். அக்கா இரண்டு கிழமை லீவில் வந்து, தறப்பாள் கட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கதவில்லாத வீட்டுக்குள் ஒரு நாள் காலை பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டுப் படுத்திருந்தது, அதை நினைத்து இப்போது சிரிக்கலாம். இரவுக் காவலுக்கு ஒரு பெடியனுக்கு மூன்று கிழமை காசு கொடுத்ததும் உண்டு. விமானச் சீட்டையும் காவல் கூலியையும் நான் இந்தக் கணக்கில் கொண்டுவரவில்லை. ஒப்பந்தத்தில் எழுதாததைக் கேட்க மாட்டேன். எழுதியதை மட்டும் கேட்கிறேன்.

நாட்களிலோ பெருக்கலிலோ பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள்தான், ஆனாலும் கரும்பலகையில் பிழை விட்டுப் பிள்ளைகளிடம் பிடிபட்டதும் உண்டு. கறண்ட் உண்மையில் டிசம்பர் 2க்குப் பிறகுதான் வந்தது என்று காட்ட ஏதாவது இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். டிசம்பர் 4 வரை ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு தொகுதிக்குமாக 3,325 ரூபா, அதற்குப் பிறகு மூன்றாம் தொகுதிக்கு மட்டும் 1,545 ரூபா குறைத்துவிடுவேன். ஜனவரி 2 வியாழனுக்குள் ஒரு சொல் அனுப்பினால் போதும்.

மறுப்பு ஒன்றும் இல்லையென்றால் ஜனவரி 4 சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். 474,510 ரூபாவுக்குக் காசோலை எழுதி வைத்திருப்பேன், 6ஆந் திகதி திங்கட்கிழமை வங்கியில் போடலாம். இந்தக் கணக்கின் இரண்டு பிரதிகளில் இருவரும் ஒப்பமிட்டு, ஒன்றை நீங்களும் ஒன்றை நானும் வைத்துக்கொள்வோம். நேரில் வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனால் எனக்குச் சந்தோஷம்.

தையில் குடிபூரல் வைப்பதாக இருக்கிறோம். நாள் வைத்ததும் உங்களுக்கும் வீட்டாருக்கும் சொல்லி அனுப்புவேன், எல்லாருமாக வரவேண்டும்.

அன்புடன்,
ரீச்சர்
(அக்காவின் சார்பில்)

இணைப்பு: 02.09.2024 ஒப்பந்தப் பிரதி, பொருள் இறக்கிய சீட்டுகள் மூன்று.

பி.கு.: சாமியறைக் கதவு அடியில் நிலத்தோடு உரசுகிறது. மழை ஈரத்தில் ஊதியதாக இருக்கலாம். அதை இந்தக் கணக்கோடு நான் சேர்க்கவில்லை, சனிக்கிழமை வரும்போது சின்ன இழைப்புளி ஒன்றைக் கொண்டுவந்தால் பத்து நிமிட வேலை.