38 சதவீதத்துக்கு நாளைய திட்டம்

தம்பி, உன் ஆய்வேடு மற்ற எழுத்துகளோடு 38 சதவீதம் ஒத்துப்போகிறது என்று டர்னிட்டின் மென்பொருள் தந்த ரிப்போர்ட்டை முழுதாகப் பார்த்துவிட்டேன். வெள்ளி காலை 10 மணிக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும், வியாழன் ஒரு நாள்தான் கையில். 38 என்ற எண்ணோடு சண்டை போடாதே. எது எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம்: மேற்கோள் பட்டியல் 9, உன் பழைய மாநாட்டுக் கட்டுரை 8, ஒரே ஒரு ரிவ்யூ கட்டுரை 11, செய்முறை 4, உதிரிகள் 6.

காலை 7 மணி: ஃபில்டரில் மேற்கோள் பட்டியலை நீக்கிப் பார். அந்த 9 அப்படியே போய்விடும். உதிரியைத் தொடாதே. அது "ஆய்வின் முடிவுகள் காட்டுவது" மாதிரி எல்லோரும் எழுதும் சொற்றொடர்தான்.

7.30 முதல் மதியம் 1 வரை இரண்டாம் அத்தியாயம் மட்டும். உண்மையான சிக்கல் அந்த 11தான். நான்கு பத்திகள் ரிவ்யூ கட்டுரையின் வாக்கிய வரிசையிலேயே போகின்றன, அடைப்புக்குறிக்குள் உள்ள மேற்கோள்கள்கூட அதே வரிசை. சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தால் எண் குறையும், தவறு குறையாது. ஒரு பத்தியைப் படி, கட்டுரையை மூடு, அது உன் ஆய்வுக்கு ஏன் தேவை என்று நீயே எழுது, அப்புறம் திறந்து சரிபார். அந்த ஆய்வுகளின் மூலக் கட்டுரைகளைத் திறந்து பார்க்க முடிந்தால் அவற்றையே மேற்கோள் காட்டு. முடியாவிட்டால் ரிவ்யூ வழியாக எடுத்தது என்று வெளிப்படையாகச் சொல். அந்தப் பத்திகளில் வரும் வரையறை இரண்டும் மாற்றவே கூடாதவை. மேற்கோள் குறிக்குள் வை, பக்க எண்ணும் கொடு. நான்கு பத்திகளில் ஒன்று உனக்கே தேவையில்லை என்று தோன்றினால் வெட்டிவிடு, நான் வெட்டியிருப்பேன்.

மதியம் 2: உன் மாநாட்டுக் கட்டுரை. உன்னுடையதுதான் என்றாலும் அது வரும் அத்தியாயத்தின் தொடக்கத்தில் "இப்பகுதி முன்பு வெளியானது" என்று சொல்லி அதை மேற்கோள் காட்ட வேண்டும். அதோடு வழிகாட்டிக்கு ஒரு மின்னஞ்சல்: 8 எங்கிருந்து வந்தது, எப்படிக் குறிப்பிட்டிருக்கிறாய் என்று இரண்டு வரி. மாலைக்குள் பதில் வர வேண்டுமென்றால் இதை 2 மணிக்கே அனுப்பு.

செய்முறைக்கு அரை மணி போதும். கருவி, அளவீட்டு முறையின் பெயர்களைத் தொடாதே.

மாலை 5: மறுபதிவேற்றம். முதல் மூன்று மறுபதிவேற்றங்களுக்குத்தான் ரிப்போர்ட் சீக்கிரம் வரும், அதற்கு மேல் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒன்றை நேற்றே செலவழித்துவிட்டாய். மாலை ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று, அவ்வளவுதான். வேறு கணக்கில் போட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பாதே. அந்த வரைவு டர்னிட்டின் களஞ்சியத்தில் சேர்ந்துவிட்டால், வெள்ளிக்கிழமை உன் ஆய்வேடு உன்னோடேயே பொருந்தும்.

வெள்ளை எழுத்தில் நிரப்புவது, வேறு மொழி எழுத்தைச் செருகுவது என்று யாராவது யோசனை சொல்வார்கள். ரிப்போர்ட்டே அவற்றைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இரவு 9 மணி ரிப்போர்ட்டில் 15ஐ ஒட்டி வந்தால் நிறுத்திக்கொள். எந்த ஒரு மூலமும் 3ஐத் தாண்டினால் எனக்குக் கூப்பிடு, 11 வரை விழித்திருப்பேன். மாநாட்டுக் கட்டுரைக்கு மட்டும் இது பொருந்தாது.