வாடகை உயர்வு குறித்த தங்கள் செய்திக்குப் பதில்

வில்லிவாக்கம், சென்னை 49
11.05.2025

அன்புள்ள சார் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரில் நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜூன் மாதத்திலிருந்து வாடகை 18,000, அட்வான்ஸை 80,000-லிருந்து 1,20,000 ஆக்க வேண்டும் என்று போன ஞாயிறு அனுப்பியிருந்தீர்கள். உடனே பதில் போடாததற்கு மன்னிக்கவும். போனில் பேசினால் உங்களிடம் எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்று சொல்லிவிடுவேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

வாடகையே ஏற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2022-ல் சொத்து வரி எவ்வளவு கூடியது என்று எனக்குத் தெரியும், ரசீதை எடுத்து உங்களுக்கு அனுப்பியதே நான்தான். அதற்குப் பிறகும் வரி ஏறியிருக்கிறது. ஆனால் 14,000-லிருந்து ஒரேயடியாக 18,000 என்றால் மாதம் 4,000 கூடுதல், கிட்டத்தட்ட 29 சதவீதம். நம் ஒப்பந்தத்தில் புதுப்பிக்கும்போது 5 சதவீதம் என்று இருக்கிறது. 2018 ஜூனில் 11,000-க்கு வந்தோம். கொரோனா வருடத்தில் நீங்களாகவே ஏற்ற வேண்டாம் என்றீர்கள், அதை மறக்கவில்லை. மற்ற வருடங்களில் 500, 750 என்று அந்த 5 சதவீதத்தை ஒட்டியேதான் ஏற்றி வந்திருக்கிறோம். அந்தக் கணக்கில் இந்த வருடம் 14,700 வர வேண்டும்.

வாடகை கொடுத்த விதத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் பேரம் என்று வந்தபின் சொல்லத்தானே வேண்டும்? இந்த மாதத்தோடு 84 மாதம். வங்கிக் கணக்கை எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் உங்கள் கணக்கில் பணம் ஏறியிருக்கிறது. தவறியது ஒரே ஒரு முறை, 2020 ஜூலையில். பாதிச் சம்பளம்தான் வந்தது, உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு 5-ஆம் தேதி பாதியும் 20-ஆம் தேதி மீதியும் போட்டேன். "உங்கள் பணம் வந்தால்தான் அஞ்சாம் தேதி என்றே எனக்குத் தெரிகிறது" என்று நீங்கள் ஒருமுறை சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

அடுத்தது வீட்டைப் பார்த்துக்கொண்ட விஷயம். மேல்தொட்டியை வருடத்துக்கு இரண்டு முறை கழுவுவது, மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய் வாயில் சேரும் சருகை அள்ளுவது, இதெல்லாம் எந்த வீட்டிலும் செய்வதுதான், விட்டுவிடலாம். 2022 மே மாதம் மோட்டார் காயில் கருகியபோது ரீவைண்டிங்குக்கு ஆன 3,200 ரூபாயை வாடகையில் கழிக்கச் சொன்னீர்கள், நான் கழிக்கவில்லை. போன வருடம் கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. பார்க்க இரண்டு இலைதான், ஆனால் இழுத்தால் வரவில்லை. வேர் ஒரு முழ நீளத்துக்குச் செங்கலுக்கு உள்ளே ஓடியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உளியால் கொத்தி வேரை எடுத்து, சிமெண்ட் குழைத்து அடைத்தேன். அப்படியே விட்டிருந்தால் இந்நேரம் அந்தச் சுவரை இடித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் மூன்றாவது படி வரை வந்தது. கீழே நீங்கள் பூட்டி வைத்திருக்கும் அறைக்குள் புகுவதற்கு முன் உங்களுக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. சாவி என்னிடம் இருந்ததால் நானும் கீழ் வீட்டு அக்காவின் மகனும் திறந்து, உங்கள் அம்மாவின் தேக்கு அலமாரியைச் செங்கல் அடுக்கி அதன் மேல் ஏற்றினோம். பத்திரங்கள் இருந்த டிரங்குப் பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்து எங்கள் கட்டிலில் வைத்தோம். நான்கு நாள் அந்தக் கட்டிலில் பெட்டிதான் படுத்திருந்தது, நாங்கள் தரையில். தண்ணீர் வடிந்ததும் ஆள் வைத்துச் சம்பில் சேறு வாரியதற்கு 2,800 ஆயிற்று, அதில் பாதியைக் கீழ் வீட்டில் கொடுத்தார்கள். இதையெல்லாம் கடனாகக் கேட்கவில்லை. வேறு யாராவது குடியிருந்தால் செய்திருக்க மாட்டார்களா என்றால், செய்திருக்கலாம். ஆனால் யார் வருவார்கள் என்பது முன்கூட்டித் தெரியாதே சார்.

எதிர் வீட்டில் 18,000-க்குப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அது கட்டி நான்கு வருடம்தான் ஆகிறது, லிஃப்ட் இருக்கிறது, கார் நிறுத்த இடம் இருக்கிறது. நம் வீடு 1994-ல் கட்டியது, 650 சதுர அடி, என் ஸ்கூட்டரையே கேட்டுக்குள் சாய்த்துத்தான் நிறுத்துகிறேன். சமையலறை ஜன்னல் மேல் சன்ஷேடில் காரை உதிர்ந்து கம்பி தெரிவதைப் போன தீபாவளிக்கே படம் எடுத்து அனுப்பியிருந்தேன். இப்போது கம்பி துருப்பிடித்து உப்பிவிட்டது. பாத்ரூம் பின்சுவரில் ஓதம் படுக்கையறை வரை வந்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி பெயர்ந்து நிற்கிறது. புதிதாக யாரையாவது கூட்டிவந்து காட்டினால் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்கள்.

அதனால் என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். ஜூன் முதல் 15,000 தருகிறேன். இது ஒப்பந்தக் கணக்கைவிட 300 ரூபாய் கூடுதல். சன்ஷேடையும் பாத்ரூம் சுவரையும் ஐப்பசி மழைக்கு முன்னால் சரிசெய்து கொடுத்தால், வேலை முடிந்த அடுத்த மாதத்திலிருந்து 15,500. கொத்தனாரைப் பிடிப்பது, கூட நின்று வேலை வாங்குவது, பில்லை அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. நீங்கள் இதற்காகக் கோவையிலிருந்து வர வேண்டாம். 2026 ஜூனில் வழக்கம்போல 5 சதவீதம். அட்வான்ஸை மட்டும் இப்போது இருக்கிறபடியே விட்டுவிடுங்கள். ஒரேயடியாக 40,000 புரட்ட என்னால் ஆகாது.

நாங்கள் காலி செய்தால் 18,000-க்கு ஆள் கிடைக்கலாம். ஆனால் 18,000-க்கும் 15,000-க்கும் உள்ள வித்தியாசம் வருடத்துக்கு 36,000. இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலே அது போய்விடும், பெயிண்டும் புரோக்கர் கமிஷனும் தனி. மிரட்டுவதாக நினைக்க வேண்டாம், எங்களுக்கு மாறும் எண்ணமே இல்லை. பெரியவள் ஜூனில் பத்தாவது போகிறாள், பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். இதைச் சொன்னால் பேரத்துக்கு ஆகாது என்று வீட்டில் தடுத்தார்கள். ஏழு வருடம் பழகிய உங்களிடம் மறைப்பானேன் என்று எழுதிவிட்டேன்.

இந்த மாதம் 31-ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிகிறது. உங்களுக்குச் சம்மதம் என்றால் ஒரு வரி அனுப்புங்கள், முத்திரைத்தாள் வாங்கி டைப் அடித்துக் கூரியரில் அனுப்பிவைக்கிறேன். பேச வேண்டும் என்றால் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள், வீட்டில்தான் இருப்பேன். எதுவானாலும் 25-ஆம் தேதிக்குள் தெரிந்தால் வசதியாக இருக்கும்.

அம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
இரா. முரளி
(மாடி வீடு)

பி.கு.: தென்னை மட்டை ஒன்று காய்ந்து எதிர் வீட்டுக் கார் பக்கமாகத் தொங்குகிறது. மரம் ஏறுபவர் வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். காய் பறித்தால் உங்கள் பங்கை யாரிடம் கொடுத்தனுப்ப என்று சொல்லுங்கள்.