பூம்பாறைக் கதை: யாருக்கு யார்

அன்புள்ள மல்லிகா அக்கா,

நாம் மாறி மாறி எழுதும் பூம்பாறைக் கதையில் எந்த ஆள் யாருக்கு என்று ஞாயிற்றுக்கிழமை போனில் பேசி முடித்ததை எழுத்தில் வைக்கச் சொன்னீர்கள், இதோ. மூன்றாம் அத்தியாயத்தில் நீங்கள் பூங்கொடியைப் பெங்களூருக்கு பஸ் ஏற்றினீர்கள், நாலாவதில் நான் அவளை வத்தலக்குண்டிலேயே இறக்கித் திரும்பக் கூட்டிவந்தேன். இந்த இழுபறி இனி வேண்டாம் என்பதற்குத்தான் இவ்வளவும்.

செல்லையா, அவர் மனைவி காளியம்மாள், வடுகபட்டி மண்டிக்காரர் மூவரும் உங்களுடையவர்கள். செல்லையாவின் மகள் பூங்கொடியும், வானாய்வகத்தில் வேலை பார்க்கும் ஐசக்கும் என்னுடையவர்கள். டீக்கடை சரோஜா பொது. அவர் இருவர் அத்தியாயத்திலும் பேசலாம், ஆனால் கதையைத் திருப்பும் சேதி எதையும் அவர் வாயில் போடக்கூடாது. புதிதாக யாரை யார் கொண்டுவந்தாலும் அவர் கொண்டுவந்தவருக்கே. கண்டக்டர், பக்கத்துக் காட்டுக்காரர் மாதிரி பெயரில்லாமல் வந்து போகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

உடையவர் என்றால் என்ன உரிமை? அந்த ஆள் என்ன நினைக்கிறார், என்ன முடிவெடுக்கிறார், எதை மறைக்கிறார், எப்படிப் பேசுகிறார் என்பது உடையவர் கையில். மற்றவர் வெளியிலிருந்து பார்த்ததை மட்டும் எழுதலாம். பூங்கொடி பட்டாவைக் கேட்கும் காட்சியை நான் எழுதும்போது, 'செல்லையா பதில் சொல்லாமல் பூண்டுத் தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்' என்பது வரைக்கும் போகலாம். 'மகளை மனசுக்குள் மன்னித்துவிட்டார்' என்று எழுத எனக்கு உரிமை இல்லை. மன்னிப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. அதே மாதிரி, நீங்கள் பூங்கொடியை அழவைக்க நினைத்தால் முதலில் என்னிடம் கேளுங்கள். அவள் லேசில் அழுகிறவள் இல்லை.

இருவருடைய ஆட்களும் நேருக்கு நேர் பேசும் காட்சிகள்தான் சிக்கல். அத்தியாயம் யாருடையதோ அவர் காட்சியை எழுதட்டும். மற்றவருடைய ஆள் பேச வேண்டிய இடத்தில், அந்த ஆளுக்கு என்ன கேள்வி போகிறது என்று மட்டும் எழுதி அனுப்பட்டும். உடையவர் வசனத்தை நிரப்பி இரண்டு நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். வராவிட்டால் அந்த ஆள் அந்தக் காட்சியில் வாய் திறக்க மாட்டார், அவ்வளவுதான். பதில் வரவில்லை என்பதற்காக நாமே பேசவைத்துவிடக் கூடாது. வசனத்தை வெட்டலாம், வார்த்தையை மாற்றக்கூடாது. செல்லையா 'ஏத்தா' என்று கூப்பிடுவதை நான் 'அம்மா' என்று திருத்த மாட்டேன்.

சாவு, கல்யாணம், ஊரை விட்டுப் போவது, நிலத்தை விற்பது, பழைய ரகசியம் வெளிவருவது, இந்த ஐந்தும் யாருடைய ஆளுக்கு நடந்தாலும் இருவரும் சம்மதித்த பிறகுதான். மேல்காட்டை செல்லையா விற்றால் பூங்கொடியின் கதையே மாறிவிடும், அதனால்தான் விற்பதையும் சேர்த்தேன்.

நாள், பருவம், வானிலை பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதுவும் ஆளைப் போலவே கதையை மாற்றக்கூடியது. நீங்கள் செல்லையாவின் காட்டில் பகல் முழுக்க மூட்டம் இறக்கினால், அன்றைக்கு ஐசக்கால் சூரியனைப் படமெடுக்க முடியாது. என் அத்தியாயத்தில் அவன் வேலை நின்றுவிடும். ஆகவே ஒரே நாளில் நடக்கும் இரண்டு அத்தியாயங்களுக்கும் மழை, மூட்டம், வெயில் என்னவென்று முன்கூட்டியே பேசிக்கொள்வோம். கதை நடப்பது குறிஞ்சி பூத்த 2018. பூங்கொடிக்கு 2006இல் பூத்தபோது எட்டு வயது, இப்போது இருபது. இதை இருவரும் தொடக்கூடாது. பூண்டு நட்டால் நாலு மாதம் போகாமல் பிடுங்க முடியாது என்பதையும் நினைவில் வைப்போம். (மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல், அதனால் மண்டிக்காரர் அதைச் சொல்லிப் பெருமை பேச வேண்டாம். ஆறாம் அத்தியாயத்து வரைவில் பேசுகிறார்.)

நம்மில் ஒருவரால் தொடர முடியாமல் போனால், மற்றவர் அவருடைய ஆட்களை ஊரில் இருக்கவிட்டு, வெளியிலிருந்து மட்டும் எழுதி முடிக்கலாம். கொல்லவோ கெட்டவராக்கவோ கூடாது. புத்தகமானால் இருவர் பெயரும் வரும். செல்லையாவை வேறு கதையில் எழுத உங்களுக்கும், ஐசக்கை எழுத எனக்கும் யாரையும் கேட்க வேண்டாம்.

ஒப்புதல் என்றால் 'சம்மதம்' என்று ஒரு வரி அனுப்புங்கள், போதும். மாற்ற வேண்டியதைச் சிவப்பில் எழுதுங்கள். ஐந்தாம் அத்தியாயம் உங்கள் முறை. பெங்களூர் பயணத்தை என்ன செய்வது என்று மட்டும் தொடங்குவதற்கு முன் பேசிவிடலாம். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: அவள் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்து பஸ் ஏறினாள், வத்தலக்குண்டைத் தாண்டிப் போகவில்லை. உங்கள் அத்தியாயமும் நிற்கும், என்னுடையதும் நிற்கும்.

அன்புடன்,
சுதா
கொடைக்கானல்

பி.கு.: செல்லையா வீட்டு நாயை யாருக்கும் ஒதுக்கவில்லை. அதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?