வொர்லிக்கு இரண்டு வழி

"மாஹிம் வழியாகப் போ. தாராவி டெப்போவில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்" என்றார் சித்தப்பா.

"சயனுக்கு நடந்துபோய்த் தாதர், பரேல் வழியாகப் போகட்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் மில்லுக்குப் போன வழியை இவனிடம் சொல்லாதீர்கள்" என்றாள் சித்தி.

முதல் நாள் வேலைக்குப் போகிறவனுக்குச் சண்டையைத் தீர்த்துவைக்க நேரமில்லை. செல்வம் டெப்போவுக்கு நடந்தான்.

மும்பை பஸ்ஸின் நெற்றியில் எண் மராத்தியில் இருக்கிறது. அதில் ஒன்றும் ஒன்பதும் அண்ணன் தம்பி மாதிரி. வால் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்ப்பதற்குள் ஒரு பஸ் போயே போய்விட்டது. அடுத்ததில் நடத்துநரிடம் "வொர்லி நாக்கா?" என்று கேட்டுவிட்டே ஏறினான். சித்தப்பா சொன்னபடி ஜன்னலோர இடம். மாஹிம், சிவாஜி பார்க் வரை ராஜபோகம்தான். பிரபாதேவியில் பஸ் நின்றது. நின்றதென்றால், ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும் அளவுக்கு நின்றது. நடைபாதை முழுக்கச் செம்பருத்தி மாலையும் அருகம்புல்லும் ஏந்திய கைகள்.

கணக்குப் பிரிவுக்குள் அவன் நுழைந்தபோது மணி பத்தே கால். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர எதுவும் சொல்லவில்லை. பக்கத்து மேசைக்காரர்தான் சிரித்தார்: "செவ்வாய்க்கிழமை சித்திவிநாயகர் கோயில் வழியாகவா வந்தாய்? மற்ற நாளென்றால் பத்துக்கு முன்பே வந்திருப்பாய்."

சித்தப்பா போனது காலை ஏழு மணி ஷிப்டுக்கு. அந்த நேரத்தில் எந்தச் செவ்வாயும் அவரை மறித்திருக்காது.

மாலையில் பரேல் வழியைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினான். மருத்துவமனைகளிலிருந்து எக்ஸ்ரே உறையோடு ஏறியவர்களின் நெரிசலில் ஒற்றைக் காலில் நின்றான். தாதரில் பாதிப் பேர் இறங்கினார்கள், இடம் கிடைத்தது. டிக்கெட்டின் பின்பக்கத்தில் இரண்டு வழிக்கும் ஆன நிமிடங்களை எழுதினான். மாலை வழி பத்து நிமிடம் குறைவு. காலை நெரிசலையும் மாலை நெரிசலையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கணக்கர் புத்தி இடறியது. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

வீட்டில் இருவரும் காத்திருந்தார்கள்.

"போகும்போது மாஹிம், வரும்போது தாதர். செவ்வாயன்று மட்டும் இரண்டு வேளையும் தாதர்" என்றான்.

"கோயில் கூட்டம் ஊருக்கே தெரிந்த விஷயமாயிற்றே, அதையுமா நான் சொல்ல வேண்டும்?" என்று சித்தப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

சித்தி அதற்குள் துணிப்பையை உதறி அவன் சட்டை மாட்டும் ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். "தாதர் வழியென்றால் கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டித்தானே வருவாய்? நாளைக்கு அங்கே இறங்கி மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ பார். கறுத்ததை வாங்காதே."

செல்வம் டிக்கெட்டை மறுபடி எடுத்து, மாலைக் கணக்கில் இன்னொரு டிக்கெட் காசையும் கால் மணி நேரத்தையும் சேர்த்தான்.